ஓடிபி வராமல் நின்றுபோன கார்டு கட்டணம்: மறுபடியும் செலுத்தும் முன்

"அண்ணாச்சி, மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் 18,500 ரூபாயை டெபிட் கார்டில் கட்டினேன். ஓடிபி போடச் சொல்லும் பக்கம் வந்து அப்படியே நிற்கிறது. ஓடிபி வரவில்லை. பணம் போய்விட்டதா என்றும் தெரியவில்லை. நாளைதான் கடைசி நாள். இன்னொரு தடவை கட்டலாமா? கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன்."

ஓடிபி உங்கள் கைபேசிக்கு வரவேயில்லை, அந்தப் பக்கத்தில் யாரும் எதையும் உள்ளிடவில்லை என்பது உறுதியானால், உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருக்காது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடியும் கட்டலாம். ஆனால் ஓடிபி தாமதமாகவேனும் வந்து, நீங்களோ உங்கள் கைபேசி தானாகவோ அதைப் பக்கத்தில் இட்ட பிறகு சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றிருந்தால், கணக்கைப் பார்க்காமல் இரண்டாவது முறை கட்ட வேண்டாம். இவ்விரண்டில் எது நடந்தது என்று தெரிந்துகொள்ளும் வழியைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன்.

இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டை இந்திய இணையதளத்தில் பயன்படுத்தும்போது, கார்டு எண்ணோடு கூடுதலாக ஒரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஓடிபி அந்தச் சரிபார்ப்புக்காக வருவது. நீங்கள் கார்டு எண்ணைக் கொடுத்து அழுத்தியதும், கல்லூரிக்காக இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே அந்தக் கார்டு எந்த வங்கியுடையது என்று விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பின் வழியாகக் கண்டுபிடித்து, உங்களை உங்கள் வங்கியின் சரிபார்ப்புக் கணினியிடம் அனுப்புகிறது. ஓடிபியை உருவாக்குவதும் அனுப்புவதும் அந்தக் கணினிதான். கல்லூரிக்கும் கேட்வேக்கும் அதில் பங்கில்லை என்பதால், ஓடிபி வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து பயனில்லை. நீங்கள் இட்ட ஓடிபி சரி என்று வங்கி சொன்ன பிறகுதான், "இந்தக் கணக்கிலிருந்து 18,500 ரூபாயை எடுக்கலாமா" என்ற தனிக் கோரிக்கை கேட்வேயிலிருந்து வங்கிக்குப் போகிறது. பணம் கழிவது அந்த இரண்டாவது கோரிக்கையில். ஆகவே ஓடிபி இடும் கட்டத்தைத் தாண்டாத பரிவர்த்தனையில் பணம் எடுக்கும் பேச்சே தொடங்கியிருக்காது. ஓடிபி கேட்காமலே பணம் எடுக்கும் வெளிநாட்டு இணையதளங்கள் உண்டு. அவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தாது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். "நான் ஓடிபி போடவில்லை" என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் குறுஞ்செய்தி வந்த நொடியில் ஆண்ட்ராய்டு கைபேசியில் கீழே ஒரு சிறு பெட்டி எழுந்து, இந்தச் செய்தியைப் படிக்க அனுமதிக்கலாமா என்று கேட்கும். அவசரத்தில் அதை அழுத்திவிட்டால் கைபேசியே ஓடிபியைப் பக்கத்தில் நிரப்பிவிடும். சில செயலிகள் நிரப்புவதோடு நில்லாமல் தாமே சமர்ப்பித்தும் விடும். எனவே முதலில் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து, அந்த நேரத்தில் வங்கியிடமிருந்து ஓடிபி ஏதேனும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், நீங்கள் தட்டச்சு செய்தீர்களா இல்லையா என்பது ஒரு பொருட்டே அல்ல. கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

கணக்கைப் பார்ப்பது என்றால், பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறதா என்று காத்திருப்பது ஆகாது. ஓடிபி எந்த வழியில் வரத் தவறியதோ அதே வழியில்தான் பணம் கழிந்த செய்தியும் வர வேண்டும். வழி அடைபட்டிருக்கும்போது செய்தி வராததை வைத்துப் பணம் போகவில்லை என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை. வங்கியின் செயலியிலோ இணைய வங்கியிலோ நுழைந்து பரிவர்த்தனைப் பட்டியலையும் இருப்பையும் நேரடியாகப் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால் அருகிலுள்ள ஏடிஎம்மில் மினி ஸ்டேட்மென்ட் எடுங்கள். வங்கி நேரமாயிருந்தால் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள். கிரெடிட் கார்டாக இருந்தால், பில்லில் வரும்வரை காத்திராமல், பயன்படுத்தக்கூடிய வரம்பு 18,500 ரூபாய் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

அதன் பிறகு கல்லூரியின் பக்கத்தையும் பாருங்கள். மாணவியின் பெயரில் நுழைந்தால் கட்டண வரலாறு இருக்கும். அதில் உங்கள் முயற்சி Success, Failed, Pending என்று ஏதாவதொரு நிலையில் பதிவாகியிருக்கும். Pending என்றிருந்தால் கேட்வே இன்னும் வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அது பின்னர் வெற்றியாகவும் மாறலாம். வங்கிக் கணக்கில் கழிவு இல்லை, கல்லூரிப் பக்கத்தில் வெற்றியும் இல்லை, முதல் முயற்சி நடந்து அரை மணி நேரமும் ஆகிவிட்டது என்ற மூன்றும் சேர்ந்தால் தயங்காமல் மறுபடியும் கட்டலாம். அரை மணி நேரம் என்பது விதியல்ல, என் கணிப்பு. ஓடிபி பக்கங்கள் சில நிமிடங்களிலேயே காலாவதியாகிவிடும். அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு இந்த அளவைச் சொல்கிறேன்.

ஏன் இத்தனை எச்சரிக்கை என்பதற்குப் பாபநாசத்துக்கு அருகே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மகனின் தேர்வுக் கட்டணம் 12,400 ரூபாயை ஒருவர் இரவு 8:10 மணிக்குக் கட்ட முயன்றார். வீட்டுக்குள் வைஃபை நன்றாக இருந்ததால் பக்கங்கள் எல்லாம் உடனுக்குடன் திறந்தன. ஆனால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஓடிபி வராததால் மாடிக்குப் போனார். 8:16-க்குச் சிக்னல் கிடைத்ததும் ஓடிபி வந்தது. எழுந்த பெட்டியை அறிவிப்பு என்று நினைத்து அழுத்தினார். ஓடிபி தானாக நிரம்பிச் சமர்ப்பிக்கப்பட்டது. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமையிழந்து அதை மூடிவிட்டு, 8:25-க்கு மனைவியின் கார்டில் கட்டினார். உடனே ரசீது வந்தது. அவருடைய கணக்கிலும் 8:17-க்கே 12,400 ரூபாய் கழிந்திருந்தது மறுநாள் பாஸ்புக்கில்தான் தெரிந்தது.

இதில் மோசமான செய்தி என்னவென்றால், அவருடைய முதல் பரிவர்த்தனை கேட்வேயிலும் வெற்றியாகப் பதிவாகி, பணம் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. வங்கியைப் பொறுத்தவரை இரண்டுமே முறையாக முடிந்த பரிவர்த்தனைகள். தானாகத் திருப்பித் தரும் விதி எதுவும் அதற்குப் பொருந்தாது. இரண்டாவதாக வந்த பணத்தைக் கல்லூரிதான் மனமுவந்து திருப்ப வேண்டும். கடிதம் கொடுத்து, கணக்கர் சரிபார்த்து, பணம் திரும்பி வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. வங்கிக்கும் கல்லூரிக்கும் நடுவே சிக்கிக்கொண்ட பணம் சில நாட்களில் தானாகத் திரும்பிவிடும். இரண்டு முறை ஒழுங்காகக் கட்டிய பணம்தான் மனுவுக்கு மேல் மனு கேட்கும். அவர் 8:17-க்கும் 8:25-க்கும் இடையில் ஒரு முறை வங்கிச் செயலியைத் திறந்திருந்தால் இந்த அலைச்சல் நேர்ந்திருக்காது.

இனி ஓடிபி ஏன் வரவில்லை என்பதற்கு வருகிறேன். முதலில், ஓடிபி பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எந்த எண்ணுக்கு அனுப்பப்பட்டது என்பதை, முன் இலக்கங்களை மறைத்துக் கடைசிச் சில இலக்கங்களை மட்டும் காட்டிப் பெரும்பாலான வங்கிகள் சொல்லும். அந்த இலக்கங்கள் உங்கள் கையிலிருக்கும் எண்ணுடையவைதானா? நம் பக்கத்தில் துபாய்க்கும் சவூதிக்கும் வேலைக்குப் போனவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கணக்குத் தொடங்கும்போது கொடுத்த எண் அவர்களோடு போயிருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் செயலிழந்திருக்கும். வீட்டிலிருக்கும் கைபேசியை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த ஓடிபி வராது. வெளிநாட்டிலிருப்பவர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கும்போது நேரம் கடந்துவிடும். வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்றுவதுதான் இதற்கு முறையான தீர்வு. அது இன்றே முடியும் என்று நம்பி நாளைய கடைசி நாளை அதன்மேல் வைக்க வேண்டாம், வேறு வழியில் கட்டுங்கள்.

எண் சரியாக இருந்தால், அடுத்து நான் சந்தேகிப்பது சிக்னலை. பொதிகை மலை அடிவாரத்தில் வீட்டு வைஃபை கேபிள் வழியாக வேகமாக ஓடிக்கொண்டிருக்க, கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் வீட்டுக்குள் எட்டாமல் போவது சாதாரணம். குறுஞ்செய்தி வழக்கமாகக் கோபுரத்தின் வழியாகவே வருகிறது. இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்கு உதவாது. கைபேசியை ஏரோபிளேன் மோடில் அரை நிமிடம் வைத்து எடுத்தால் அது கோபுரத்தில் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். தேங்கி நிற்கும் செய்திகள் பெரும்பாலும் அப்போது வந்து விழும். வாசலுக்கோ மாடிக்கோ போய் இதைச் செய்யுங்கள். கைபேசியில் வைஃபை காலிங் வசதி இருந்து, உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனமும் அதைத் தந்தால், அதை இயக்கி வையுங்கள். பல கைபேசிகளில் அதன் பிறகு குறுஞ்செய்தியும் வைஃபை வழியாகவே வந்து சேரும்.

சிக்னல் முழுதாக இருந்தும் வரவில்லையென்றால், அண்மையில் சிம்மை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். தொலைந்த சிம்முக்குப் பதில் புதியது வாங்கினாலும், பழைய சிம்மை மாற்றிக்கொண்டாலும், முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி போக்கும் வரத்தும் நிறுத்தி வைக்கப்படும். பிறர் பெயரில் சிம் வாங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு அது. பேச முடிகிறது, இணையம் ஓடுகிறது, ஓடிபி மட்டும் வரவில்லை என்று குழம்புவோரில் சிலருக்கு இதுவே காரணம். அந்த 24 மணி நேரம் கடக்கும்வரை எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை.

செய்தி வந்தும் கண்ணில் படாமல் இருப்பதும் உண்டு. குறுஞ்செய்திச் செயலியில் ஸ்பாம் என்று ஒதுக்கப்பட்டவை தனி இடத்தில் கிடக்கும். விளம்பரத் தொல்லை தாங்காமல் வங்கியின் பெயரையே யாராவது தடுத்து வைத்திருக்கலாம். பதிவு செய்த எண் எந்த சிம்மில் இருக்கிறது, அந்த சிம் அணைந்து கிடக்கிறதா என்பதையும் ஒரு முறை பாருங்கள். விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் டிஎன்டி பதிவு வங்கி ஓடிபியைத் தடுக்காது. அதை நீக்குவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இவை எதுவும் இல்லையென்றால் தடை உங்கள் கைக்கு அப்பால் இருக்கிறது. வங்கி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், அனுப்புநர் பெயரும் வாசக வடிவமும் முன்பதிவு செய்யப்பட்டவையா என்று தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சரிபார்க்கப்பட்ட பிறகே வெளியே வரும். 2021 மார்ச் 8-ஆம் தேதி இந்தச் சரிபார்ப்பைக் கடுமையாக்கியபோது நாடு முழுக்க ஓடிபிகள் வராமல் நின்று, அந்த நடைமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு வாரம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், வங்கியின் பக்கத்திலோ இடையிலோ நெரிசல் ஏற்பட்டுச் செய்திகள் தாமதமாவது இப்போதும் நடக்கிறது. வீட்டில் வேறொருவருக்கு வேறொரு வங்கியின் ஓடிபி உடனே வந்து, உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால், தாமதம் உங்கள் வங்கியின் வழியில் என்று ஊகிக்கலாம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை.

Resend OTP என்ற பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய ஓடிபி கேட்டதும் பழையது பெரும்பாலும் செல்லாததாகிவிடும். தாமதம் இருக்கும் வேளையில் மூன்று முறை கேட்டால் மூன்றும் ஒன்றாக, சில வேளை வரிசை மாறியும் வந்து சேரும்; முதலில் கண்ணில் பட்டதை இட்டால் தவறு என்று வரும்; தொடர்ந்து தவறாக இட்டால் பாதுகாப்புக்காக வங்கி அந்தக் கார்டின் இணையப் பயன்பாட்டையே சிறிது காலம் நிறுத்திவிடும். ஒரு முறை கேளுங்கள், இரண்டு நிமிடமாவது பொறுங்கள், சிக்னலைச் சரி செய்துகொண்டு இன்னொரு முறை மட்டும் கேளுங்கள். வந்த செய்தியில் தொகை 18,500 என்றும், கார்டின் கடைசி இலக்கங்கள் உங்களுடையவை என்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இடுங்கள்.

ஓடிபியைப் பார்க்கப் பக்கத்தை விட்டுக் குறுஞ்செய்திச் செயலிக்குப் போய் வருவதும் ஒரு சிக்கலே. நினைவகம் குறைந்த கைபேசியில் திரும்பி வரும்போது பக்கம் புதிதாகத் திறந்து, அதுவரை நடந்தது அறுந்துவிடும். மேலிருந்து இறங்கும் அறிவிப்பிலேயே ஓடிபியைப் படித்து, பக்கத்தை விடாமல் இடுங்கள். பின்செல்லும் பொத்தானையும் புதுப்பிக்கும் பொத்தானையும் தொட வேண்டாம்.

மறுபடியும் கட்டலாம் என்று உறுதியான பிறகு, அதே பக்கத்தில் தொடராமல், கல்லூரி இணையதளத்தில் முதலிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். ஓடிபி இன்னும் வரவில்லையென்றால், அந்தப் பக்கத்தில் யுபிஐ வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதில் உங்கள் பின் எண்ணே சரிபார்ப்பு, குறுஞ்செய்திக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வேளையில் வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி அழைக்க வேண்டாம். ஓடிபி வராதவர்களுக்காகவே போலி எண்களை வைத்துக்கொண்டு சிலர் காத்திருக்கிறார்கள். கார்டின் பின்புறத்தில் அச்சிட்ட எண் போதும். எந்த எண்ணில் பேசினாலும், ஓடிபியைச் சொல்லுங்கள் என்று கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். ஏமாந்து சொல்லிவிட்டிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கணக்கில் பணம் கழிந்து, கல்லூரிப் பக்கத்தில் வெற்றி காட்டவில்லையென்றால் அந்தக் கட்டணத்தை இரண்டாவது முறை கட்டாமல் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கைப்படி, பணம் கழிந்தும் விற்பனையாளர் பக்கத்துக்கு உறுதி போய்ச் சேராத இணையக் கார்டுப் பரிவர்த்தனையில், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 10-ஆம் தேதி கழிந்த பணம் 15-ஆம் தேதிக்குள் வரவில்லையென்றால், 16-ஆம் தேதி முதல் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்கிறது. ஆகவே முதலாவது, வங்கியில் எழுத்து மூலம் புகார் பதிந்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இரண்டாவது, நாளைய கடைசி நாளுக்கானது. இன்று இரவே கல்லூரிக் கணக்கு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மாணவியின் பெயர், பதிவு எண், தொகை, நாள், நேரம், வங்கிப் பட்டியலில் அந்தக் கழிவு தெரியும் ஸ்கிரீன்ஷாட், அதிலுள்ள, பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க ஆர்ஆர்என் எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். கார்டு எண்ணை முழுமையாக எழுத வேண்டாம். கடைசி நான்கு இலக்கங்கள் போதும். அந்த ஆர்ஆர்என்னை வைத்துத்தான் அவர்கள் தங்கள் கேட்வேயில் உங்கள் பணத்தைத் தேட முடியும். கடைசி நாளுக்கு முன்பே நீங்கள் கட்ட முயன்றதற்கு அந்த மின்னஞ்சலின் தேதியே சான்றாக இருக்கும். காலையில் அலுவலகம் திறந்ததும் நேரிலோ தொலைபேசியிலோ பேசி, அபராதம் இல்லாமல் சில நாள் அவகாசம் தர முடியுமா என்று கேட்டு, அவர்கள் சொல்வதையும் பதில் மின்னஞ்சலாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.